ரத்து என்பது இன்னொரு செலவு

2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 5:39க்கு பிட்காயின் சங்கிலியில் 8,40,000ஆவது பிளாக் சேர்ந்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மைனர்களுக்குக் கிடைக்கும் புதுக்காசு பாதியாகக் குறையும், அன்று 6.25 பிட்காயின் 3.125 ஆனது. ஆனால் அந்த ஒரு பிளாக்கில் மட்டும் பயனர்கள் கட்டிய கட்டணம் 37.6 பிட்காயின். புதுக்காசைப்போல் பன்னிரண்டு மடங்கு. அதே பிளாக்கில் ‘ரூன்ஸ்’ என்ற புதிய டோக்கன் முறை தொடங்கியதுதான் காரணம். முதல் டோக்கன்களைப் பதிந்துவிட வேண்டும் என்று உலகமெங்கும் அடித்துப்பிடித்துக்கொண்டு வந்தார்கள். கட்டண வீதம் ஆயிரம் சடோஷியைத் தாண்டியது. மிகச் சாதாரணமான ஒரு பரிமாற்றத்துக்கு அன்றைய விலையில் 7,500 ரூபாய்.

அதற்கு முந்தின இரவு, வழக்கமான கட்டணம் வைத்துப் பணம் அனுப்பிவிட்டுத் தூங்கப் போனவர்களை நினைத்துப் பாருங்கள். காலையில் எழுந்து பார்த்தால் வாலட்டில் ‘உறுதியாகவில்லை’ என்றே காட்டுகிறது. பெறவேண்டியவருக்கு வரவில்லை, தன் கணக்கிலும் பணம் இருப்பதாகக் காட்டவில்லை. நடுவில் எங்கோ தொங்குகிறது.

அப்படி நடுவில் ஓர் இடமே கிடையாது என்பதில் இந்த விஷயத்தின் பாதி அடங்கியிருக்கிறது. மீதிப் பாதி, ‘ரத்து’ என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள் என்பது.

பணம் எங்கே நிற்கிறது?

வங்கிப் பரிமாற்றத்தில் உங்கள் கணக்கில் பணம் கழிந்துவிட்டு எதிராளிக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். இடையில் வங்கி இருக்கிறது. அது வைத்திருக்கும், பிறகு திருப்பித் தரும். பிட்காயினில் இடையில் யாருமில்லை. நீங்கள் ‘அனுப்பு’ என்று அழுத்தும்போது நடப்பது ஒன்றுதான்: ‘என்னிடமுள்ள இந்தக் காசை இவருக்குக் கொடுக்கிறேன்’ என்று உங்கள் வாலட் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு, அதை வலையமைப்பில் உள்ள கணினிகளுக்குப் படி எடுத்து அனுப்புகிறது. அந்தக் கணினிகளை நோடு என்கிறார்கள்.

ஒவ்வொரு நோடும் கையெழுத்து சரியா, காசு உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சீட்டைத் தன் நினைவகத்தில் உள்ள காத்திருப்பு அறையில் போட்டுவைக்கும். அந்த அறைக்கு மெம்பூல் என்று பெயர். ஊருக்கெல்லாம் பொதுவான ஒரே மெம்பூல் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு நோடுக்கும் தனித்தனி. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் போகலாம். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு மைனர் காத்திருக்கும் சீட்டுகளில் தனக்கு வேண்டியவற்றைப் பொறுக்கி ஒரு பிளாக்கில் கட்டிச் சங்கிலியில் சேர்க்கிறார். அப்போதுதான் பணம் கைமாறுகிறது. அதுவரை காசு உங்களுடையதுதான். சிக்கியிருப்பது பணமல்ல, சீட்டு. வாலட் உங்கள் இருப்பைக் குறைத்துக் காட்டுவதெல்லாம், நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்கை அது முன்கூட்டியே கழித்துக்கொள்வதால்தான்.

எடை பார்க்கும் கல்லா

மைனர் எந்தச் சீட்டைப் பொறுக்குவார்? பார்சல் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் பட்டுப்புடவையா பழைய துணியா என்று அங்கே கேட்பதில்லை. தராசில் வைத்து எடைக்குக் காசு வாங்குகிறார்கள். பிட்காயினிலும் ஒரு கோடி ரூபாய் அனுப்பினாலும் ஆயிரம் ரூபாய் அனுப்பினாலும் கட்டணம் தொகையைப் பொறுத்ததல்ல. சீட்டின் அளவைப் பொறுத்தது. அந்த அளவை விபைட் என்ற அலகில் சொல்கிறார்கள். ஒரு பிளாக்கில் பத்து லட்சம் விபைட்டுக்குத்தான் இடம். இடம் குறைவாக இருப்பதால், ஒரு விபைட்டுக்கு யார் அதிக சடோஷி தருகிறாரோ அவரை மைனர் முதலில் ஏற்றுகிறார். பத்து கோடி சடோஷி ஒரு பிட்காயின்.

சீட்டு எதனால் பெரிதாகிறது? பிட்காயின் வாலட்டில் இருப்பது ஒரு கூட்டுத்தொகை அல்ல. பணப்பையில் இருப்பதுபோல் தனித்தனி நோட்டுகள். யாராவது உங்களுக்கு 0.08 பிட்காயின் அனுப்பியிருந்தால் அது 0.08 மதிப்புள்ள ஒரே நோட்டு. அதில் 0.05 மட்டும் கொடுக்க வேண்டுமென்றால் நோட்டை முழுதாக நீட்டி, பெறுபவருக்கு 0.05 என்றும், மீதி எனக்கே என்றும் எழுத வேண்டும். ஒவ்வொரு நோட்டுக்கும் தனிக் கையெழுத்து உண்டு என்பதால், பத்து சில்லறை நோட்டுகளைச் சேர்த்துக் கொடுப்பவரின் சீட்டு கனமாகும். இன்று பரவலாக உள்ள, `bc1q` என்று தொடங்கும் முகவரிகளில் ஒரு நோட்டைக் கொடுத்து இரண்டு பேருக்குப் பிரிக்கும் சீட்டு 141 விபைட். ஐந்து நோட்டுகளைக் கொடுத்தால் 413.

கட்டணம் என்று சீட்டில் தனியாக ஒரு வரி கிடையாது. கொடுத்த நோட்டின் மதிப்பிலிருந்து, எழுதிய தொகைகளைக் கழித்தால் மிஞ்சுவதே கட்டணம். அதை மைனர் எடுத்துக்கொள்கிறார்.

ஒரு கணக்குப் போடுவோம். உங்களிடம் 80,00,000 சடோஷி மதிப்புள்ள ஒரு நோட்டு இருக்கிறது. ஒருவருக்கு 50,00,000 தரவேண்டும். வாலட் கடந்த சில மணிநேர நிலவரத்தைப் பார்த்து, விபைட்டுக்கு 12 சடோஷி போதும் என்கிறது. 141 பெருக்கல் 12, அதாவது 1,692 சடோஷி கட்டணம். மீதி 29,98,308 உங்களுக்கே திரும்பும்படி சீட்டு எழுதியாயிற்று. ஒரு மணிநேரத்தில் நிலவரம் மாறி, பிளாக்கில் கடைசி ஆளாக ஏறவே 60 சடோஷி வேண்டியிருக்கிறது. வாலட் பொய் சொல்லவில்லை. நேற்றைய சந்தை விலையை வைத்து இன்று காய்கறிக்குக் காசு கொடுத்தனுப்பிய கதைதான்.

சிக்கியதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எழுத்தும் எண்ணுமாக 64 இடங்கள் நீளம். அதை ஏதாவது ஒரு பிளாக் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் போட்டுப் பார்த்தால் விபைட்டுக்கு எத்தனை சடோஷி வைத்திருக்கிறீர்கள் என்பதும், அடுத்தடுத்த பிளாக்குகளில் ஏற இப்போது என்ன வீதம் ஓடுகிறது என்பதும் தெரியும். உங்களுடையது 55, ஓடுவது 60 என்றால் பொறுத்திருக்கலாம். பத்து நிமிடம் என்பது சராசரிதான். அடுத்த பிளாக் இரண்டு நிமிடத்திலும் வரும், ஒரு மணிநேரம் கழித்தும் வரும். வார இறுதியில் கூட்டம் குறைந்து தானாகவே ஏறிவிடுவதும் உண்டு. உங்களுடையது 12, ஓடுவது 60 என்றால் கையைக் கட்டிக்கொண்டிருப்பதா, ஏதாவது செய்வதா என்று முடிவெடுக்க வேண்டிய நேரம்.

பரிமாற்ற நிறுவனம் ஒன்றின் கணக்கிலிருந்து எடுத்திருந்தால் அனுப்பியவராக உங்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை. சாவி நிறுவனத்திடம் இருக்கிறது, கையெழுத்தும் அவர்களுடையது. 2023 மே 7, 8 தேதிகளில் பைனான்ஸ் நிறுவனமே இந்தக் கதிக்கு ஆளானது. பிஆர்சி-20 என்ற டோக்கன் மோகத்தால் கட்டணம் திடீரென்று ஏற, நிறுவனம் குறைந்த கட்டணத்தில் அனுப்பிவைத்த பிட்காயின் சீட்டுகள் குவியலாகத் தேங்கின. பணம் எடுப்பதை இரண்டு முறை நிறுத்திவைத்தார்கள். தேங்கியவற்றை அதிகக் கட்டணச் சீட்டுகளால் மாற்றுவதாக அறிவித்தார்கள். உலகின் மிகப் பெரிய பரிமாற்ற நிறுவனம் கையாண்டதும், உங்கள் வாலட்டில் உள்ளதும் ஒரே வைத்தியம்தான்.

மாற்றுச் சீட்டு

ஒரே நோட்டை இரண்டு பேருக்குக் கொடுப்பதாக இரண்டு சீட்டு எழுதினால் என்ன ஆகும்? சங்கிலியில் ஏதாவது ஒன்றுதான் ஏற முடியும். ஒன்று ஏறிய நொடியில் மற்றது செல்லாக்காசு. இந்த விதியைத்தான் கட்டணம் கூட்டுவதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதே 80,00,000 நோட்டை வைத்து, அதே ஆளுக்கு அதே 50,00,000 என்று, ஆனால் கட்டணத்தை உயர்த்தி வேறொரு சீட்டில் கையெழுத்துப் போடுகிறீர்கள். நோடுகள் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வைத்துக்கொள்கின்றன. இதற்கு ஆர்பிஎஃப் என்று பெயர். அதிகக் கட்டணம் தருபவர் முந்தின சீட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் முறை.

மேலே போட்ட கணக்கில் வீதத்தை 65 ஆக்குவோம். 141 பெருக்கல் 65 என்றால் 9,165 சடோஷி. பெறுபவருக்குப் போகும் 50,00,000 அப்படியே இருக்கும். உங்களுக்குத் திரும்பும் மீதி மட்டும் 29,90,835 ஆகக் குறையும். கூடுதல் செலவு 7,473 சடோஷி. பழைய 1,692ஐயும் புதிய 9,165ஐயும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை. பழைய சீட்டு ஏறவே இல்லையென்பதால் அதன் கட்டணமும் போகவில்லை.

மாற்றுச் சீட்டை நோடுகள் ஏற்க இரண்டு நிபந்தனைகள் முக்கியம். விபைட் வீதம் பழையதைவிடக் கூடியிருக்க வேண்டும். மொத்தக் கட்டணமும் கூடியிருக்க வேண்டும்; அதுவும், பழைய கட்டணத்தின் மேல், புதிய சீட்டின் ஒவ்வொரு விபைட்டுக்கும் ஒரு நிர்ணயித்த அளவாவது சேர்த்து. 2025 வரை நீண்ட காலம் இயல்பாக இருந்த அளவு ஒரு சடோஷி; இங்கே கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்வோம். இந்த நிபந்தனை எதற்கென்றால், யாராவது ஒரு சடோஷி, ஒரு சடோஷியாகக் கூட்டி ஆயிரம் முறை மாற்றி உலகமெங்கும் உள்ள கணினிகளை வீணாக அலைக்கழிக்கக் கூடாது. நம் கணக்கில் குறைந்தபட்சம் 1,692உடன் 141 சேர்த்து 1,833. அது ஏற்கப்படும், ஆனால் வீதம் 13தான். 60 ஓடுகிற சந்தையில் அதனால் பயனில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்பதைவிட, ஓடுகிற வீதத்தைப் பார்த்து ஒரே தடவையில் அதைத் தாண்டிவிடுவது நல்லது.

எலக்ட்ரம் வாலட்டில் சீட்டின் மேல் வலது சொடுக்கினால் கட்டணத்தைக் கூட்டும் வசதி வரும். மற்ற வாலட்டுகளிலும் வேறுவேறு பெயர்களில் இதே வசதி இருக்கிறது. எல்லாக் காசையும் துடைத்து அனுப்பியிருந்தால் மட்டும் ஒரு சிக்கல்: குறைப்பதற்கு மீதி என்று எதுவும் இருக்காது. வேறொரு நோட்டைச் சேர்க்க வேண்டும், அல்லது பெறுபவரின் தொகையிலிருந்து கழிக்க வேண்டும்.

மாற்றியபின் செய்யவேண்டிய சின்ன வேலை ஒன்று உண்டு. புதிய சீட்டுக்கு அடையாள எண்ணும் புதிது. பெறுபவர் பழைய எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது திடீரென்று காணாமல் போகும். ஏமாற்றிவிட்டீர்கள் என்று பதறுவார். புதிய எண்ணை அவருக்கு அனுப்பிவையுங்கள்.

ரத்து

‘ரத்து’ என்ற பெயரில் பொத்தான் இருக்கிறது. ஆனால் வலையமைப்புக்கு ரத்து என்ற சொல்லே தெரியாது. அனுப்பிய சீட்டின் படிகள் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப வாங்க முடியாது. செய்யக்கூடியது, அந்தச் சீட்டு நம்பியிருக்கும் நோட்டை அதற்கு முன் நீங்களே செலவழித்துவிடுவது. பெறுபவரின் இடத்தில் உங்கள் சொந்த முகவரியை எழுதுகிறீர்கள். எலக்ட்ரம் இதற்கு வைத்திருக்கும் பெயர் நேர்மையானது: `Cancel (double-spend)`.

நம் கணக்கில் ரத்துச் சீட்டு ஒரு நோட்டைக் கொடுத்து ஒரே முகவரிக்கு எழுதுவது, 110 விபைட். 65 வீதத்தில் 7,150 சடோஷி. 79,92,850 உங்களிடமே வந்து சேரும். அதாவது, ‘அனுப்ப வேண்டாம்’ என்று சொல்வதற்கும் சந்தை விலைதான். 12 சடோஷி வைத்து அனுப்பியதை 5 சடோஷியில் ரத்து செய்ய வழியில்லை.

இங்கே பலர் ஒரு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். பழைய சீட்டு ஐந்து நோட்டுகளைக் கொண்டது என்று வையுங்கள்: 413 விபைட், 12 வீதத்தில் 4,956 சடோஷி. அதை ரத்து செய்ய ஐந்து நோட்டையும் திரும்பச் செலவழிக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒன்றைச் செலவழித்தாலே சீட்டு முழுதும் செல்லாது. ஆகவே ஒரே நோட்டை எடுத்து 110 விபைட்டில் ஒரு சிறிய சீட்டு எழுதி, 30 வீதத்தில் 3,300 சடோஷி வைக்கிறீர்கள். வீதம் இரண்டு மடங்குக்கு மேல். இருந்தும் நோடுகள் திருப்பிவிடும். வீதம் கூடியிருக்கிறது, மொத்தக் கட்டணம் கூடவில்லை. 4,956உடன் 110 சேர்த்துக் குறைந்தது 5,066 வைக்க வேண்டும். வீதமாகச் சொன்னால் 47. வாலட் ‘கட்டணம் போதாது’ என்று பிடிவாதமாகச் சொல்லும்போது காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அனுப்பியதும் நிம்மதி அடைந்துவிடவும் வேண்டாம். ஒவ்வொரு நோடுக்கும் தனி மெம்பூல் என்று சொன்னேன் அல்லவா? உங்கள் ரத்துச் சீட்டு எல்லா மைனர்களையும் எட்டுவதற்குள், யாரோ ஒருவர் பழைய சீட்டையே பிளாக்கில் கட்டிவிடலாம். ரத்துச் சீட்டு சங்கிலியில் ஏறி உறுதியானால்தான் ரத்து. அதுவரை அது பந்தயத்தில் ஓடும் இன்னொரு குதிரை, அவ்வளவுதான். பழையது ஏறிவிட்டால் பெறுபவராகப் பார்த்துத் திருப்பித் தந்தாலொழிய வழியில்லை.

பெறுபவர் கையில் உள்ள வழி

மாற்றுச் சீட்டு எழுத, அனுப்பியவரின் சாவி வேண்டும். பெறுபவர் என்ன செய்வது? நிறுவனத்திலிருந்து பணம் எடுத்துவிட்டுக் காத்திருப்பவர் என்ன செய்வது? அவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. இன்னும் ஏறாத சீட்டிலிருந்து தனக்கு வரப்போகும் காசை, அது வருவதற்கு முன்பே, தனக்கே மீண்டும் அனுப்பிக்கொள்வது. இந்த இரண்டாவது சீட்டு குழந்தை, முதலாவது பெற்றோர். பெற்றோர் ஏறாமல் குழந்தை ஏற முடியாது. ஆகவே குழந்தையின் மேல் கொழுத்த கட்டணம் வைத்தால், அதை அடைய விரும்பும் மைனர் பெற்றோரையும் சேர்த்துத் தூக்கிக்கொள்வார். பெற்றோரின் பேருந்துக் கட்டணத்தைக் குழந்தை கொடுக்கிறது. முறையின் பெயரும் ஏறக்குறைய அதுதான், சுருக்கமாக சிபிஎஃப்பி.

இதன் விலையைப் பாருங்கள். பெற்றோர் 141 விபைட், கொண்டுவந்த கட்டணம் 1,692. குழந்தை 110 விபைட். இரண்டும் சேர்ந்து 251. 65 வீதத்துக்கு 16,315 சடோஷி வேண்டும். பெற்றோர் தந்தது போக 14,623ஐக் குழந்தை கட்ட வேண்டும். குழந்தையின் வீதம் மட்டும் 133. அனுப்பியவர் மாற்றுச் சீட்டு எழுதியிருந்தால் கூடுதல் செலவு 7,473தான். ஏறக்குறைய இரட்டிப்பு, ஏனென்றால் கூடுதலாக ஒரு சீட்டுக்கும் பிளாக்கில் இடம் வாங்க வேண்டியிருக்கிறது. அனுப்பியவரால் செய்ய முடிந்தால் அவரே மாற்றட்டும். முடியாதபோதே இந்த வழி.

இரண்டையும் ஒரே சமயத்தில் செய்துவிடக் கூடாது. பெறுபவர் குழந்தைச் சீட்டை அனுப்பிய பிறகு அனுப்பியவர் மாற்ற முயன்றால், பெற்றோரோடு குழந்தையும் சேர்ந்து வெளியேறும். ஆகவே இரண்டின் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல் அவர் வைக்க வேண்டும். நம் கணக்கில் அது 16,315க்கு மேல். ஒருவருக்கொருவர் போன் செய்து பேசிக்கொள்வது மலிவு.

மறைந்துபோன சீட்டு

எதுவும் செய்யாமல் இருந்தால்? பிட்காயின் கோர் மென்பொருள் இயல்பாக மெம்பூலுக்கு 300 மெகாபைட் நினைவகம் ஒதுக்குகிறது; ஒரு சீட்டை 14 நாட்கள் வைத்திருக்கிறது. 14 நாள் கழிந்தால் எடுத்துவிடும். அதற்கு முன்பே அறை நிரம்பினால் குறைந்த கட்டணச் சீட்டுகளை வெளியே தள்ளும். பிறகு எக்ஸ்ப்ளோரரில் தேடினால் அப்படி ஒரு சீட்டே இல்லை என்று வரும். சில வாலட்டுகளில் இருப்பும் பழையபடி காட்டும். ‘பணம் திரும்பி வந்துவிட்டது’ என்று பலர் சொல்வது இதைத்தான். அது எங்கும் போகவில்லை என்பதால் திரும்பவும் இல்லை.

பெரிய இழப்பு இங்கேதான் காத்திருக்கிறது. சீட்டு உங்கள் பார்வையிலிருந்து மறைந்திருக்கிறது, செல்லாமல் போய்விடவில்லை. கையெழுத்து கையெழுத்துதான். வேறொரு நோடு அதை வைத்திருக்கலாம். பெறுபவரின் வாலட்டே படியெடுத்து வைத்திருந்து, கூட்டம் குறைந்ததும் மீண்டும் வலையமைப்பில் விடலாம். யார் வேண்டுமானாலும் விடலாம். பழையது போய்விட்டது என்று நம்பி நீங்கள் வேறொரு நோட்டிலிருந்து 50,00,000 சடோஷியைப் புதிதாக அனுப்பினால், இரண்டு சீட்டுகளுக்கும் பொதுவான நோட்டு கிடையாது. அவை போட்டியாளர்களே அல்ல. இரண்டும் ஏறும். ஒரே கடனை இரண்டு முறை அடைத்திருப்பீர்கள்.

ஆகவே மறுபடி அனுப்பும்போது பழைய சீட்டில் கொடுத்த நோட்டுகளில் ஒன்றையாவது புதிய சீட்டிலும் கட்டாயம் சேர்க்க வேண்டும். எந்தெந்த நோட்டு என்று தேர்ந்தெடுக்க நல்ல வாலட்டுகளில் வசதி உண்டு. அது தெரியாதென்றால் முதலில் ரத்துச் சீட்டு எழுதி, அது ஏறி உறுதியானபின் புதிதாக அனுப்புங்கள்.

பதற்றத்தில் இருப்பவரைத் தேடி வரும் ‘விரைவுபடுத்தும் சேவை’க்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைனிங் குழுக்கள் சில, காசு வாங்கிக்கொண்டு ஒரு சீட்டைத் தாங்கள் கட்டும் பிளாக்கில் சேர்ப்பது உண்மை. அதற்கு அவர்களுக்குத் தேவைப்படுவது சீட்டின் அடையாள எண் மட்டுமே. வாலட்டின் 12 அல்லது 24 ரகசியச் சொற்களைக் கேட்பவர் திருடர்.

ஈத்தரில் டோக்கன் எண்

ஈத்தரியத்தில் அனுப்புபவர்களுக்கு இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். அங்கே தனித்தனி நோட்டுகள் கிடையாது, கணக்கு உண்டு. அந்தக் கணக்கிலிருந்து போகும் ஒவ்வொரு சீட்டுக்கும் வரிசை எண் உண்டு, நான்ஸ் என்கிறார்கள். டாக்டர் வீட்டு டோக்கன்போல் 41 போகாமல் 42 உள்ளே போக முடியாது. 41ஆம் சீட்டு குறைந்த கட்டணத்தால் நின்றுவிட்டால், அதற்குப் பின் எவ்வளவு கொழுத்த கட்டணத்தோடு அனுப்பினாலும் அத்தனையும் அதன் பின்னால் வரிசையில் நிற்கும்.

பிட்காயினில் நோட்டு செய்யும் வேலையை இங்கே இந்த எண் செய்கிறது. ஒரு எண்ணுக்கு ஒரு சீட்டுதான் ஏறும். ஆகவே 41 என்ற அதே எண்ணில், கட்டணத்தைக் கூட்டி இன்னொரு சீட்டு அனுப்ப வேண்டும். பரவலாக உள்ள கெத் மென்பொருள் குறைந்தது பத்து சதவீத உயர்வு கேட்கிறது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த முறையில் உச்சக் கட்டணம், முன்னுரிமைத் தொகை இரண்டையும் உயர்த்த வேண்டும். மெட்டாமாஸ்கில் `Speed up` என்பது இதைத்தான் செய்கிறது. `Cancel` என்பது, அதே எண்ணில் பூஜ்ஜியம் ஈத்தரை உங்களுக்கே அனுப்புவது. அதற்கும் கட்டணம் உண்டு, அதுவும் பந்தயம்தான்.

கடைக்காரரின் கோபம்

சடோஷி வெளியிட்ட முதல் மென்பொருளிலேயே சீட்டை மாற்றும் வசதி ஒரு விதத்தில் இருந்தது. ஆனால் கூடுதல் கட்டணம் வாங்கும் விதி இல்லாததால் யார் வேண்டுமானாலும் மாற்றி மாற்றி வலையமைப்பைத் திணறடிக்கலாம் என்று 2010இல் அதை அணைத்துவைத்தார்கள். 2015இல் டேவிட் ஹார்டிங், பீட்டர் டாட் இருவரும் எழுதிய பிஐபி 125 என்ற முன்மொழிவு, கட்டண விதிகளோடு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அப்போதும் ‘இந்தச் சீட்டு மாற்றத்தக்கது’ என்று முதலிலேயே குறியிட்டிருந்தால் மட்டுமே மாற்றலாம். 2024 அக்டோபரில் வந்த பிட்காயின் கோர் 28.0, குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றுச் சீட்டை ஏற்பதை இயல்பாக்கியது.

இத்தனை ஆண்டு தயக்கத்துக்குக் காரணம் கடைக்காரர்கள். வாடிக்கையாளர் வாலட்டைக் காட்டி ‘அனுப்பிட்டேன், பாருங்க’ என்றதும், பிளாக்கில் ஏறும்வரை காத்திராமல் பொருளைக் கொடுத்து அனுப்பும் கடைகள் இருந்தன. வாடிக்கையாளர் தெருமுனை திரும்பியதும் ரத்துப் பொத்தானை அழுத்தினால் கடைக்காரர் கதி என்ன என்பது அவர்களுடைய கேள்வி. மாற்று முறையை ஆதரித்தவர்களின் பதில் இது: அந்தச் சீட்டு எப்போதுமே மாறக்கூடியதாகத்தான் இருந்தது. நோடுகள் கண்ணியமாக நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கையைத் தவிர வேறு காப்பு அதற்கு ஒருநாளும் இல்லை. எந்தச் சீட்டுக்கு அதிகக் காசோ அதைக் கட்டும் மைனரை யாரும் தடுக்க முடியாது.

சிக்கியவருக்கு விடுதலை தரும் கதவும், ஏமாற்ற நினைப்பவருக்குத் திறக்கும் கதவும் ஒன்றே. ஏறாத சீட்டின் பணம் இன்னும் எழுதியவருடையது என்பதால்தான் அவரால் அதைத் திருத்த முடிகிறது. நீங்கள் அனுப்பும் பக்கத்தில் இருந்தால் அது ஆறுதல். வாங்கும் பக்கத்தில் இருந்தால், எதிரே நிற்பவர் ‘அனுப்பிட்டேன்’ என்று சொல்லும்போது நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது: ‘ஏறிடுச்சா?’